ஆறின வெட்டு மறுபடி வாய் விடுவது ஏன்? கொலாஜன் பவுடர் உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சீனி வியாதி இருக்கிறது. ஹட்டன் பக்கம் தோட்டத்து லயத்தில் தனியாக இருக்கிறார். சீனி கூடிவிடும் என்று ஏழெட்டு மாதமாகப் பழம், மரக்கறி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ரொட்டி, சோறு, பருப்பு, கருவாடு, பிளேன்டீ, அவ்வளவுதான். இப்போது ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. கெண்டைக்காலில் சிவப்புப் புள்ளிகள். இருபது வருடத்துக்கு முன்னே கவ்வாத்துக் கத்தி பட்டு நன்றாக ஆறிப்போன வெட்டு மறுபடி வாய் விட்டிருக்கிறது. கொலாஜன் குறைந்துவிட்டது, பாமசியில் கொலாஜன் பவுடர் வாங்கிக் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: பவுடர் வேண்டாம். முதலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். சீனி வியாதிக்காரருக்குத் திறந்த காயம் இருப்பதே அதற்குப் போதுமான காரணம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஸ்கர்வி, அதாவது விட்டமின் சி அறவே கிடைக்காமல் வரும் நோய், என்ற சந்தேகம் மிக வலுவாக இருக்கிறது.

கொலாஜன் குறைந்துவிட்டது என்று சொன்னவர்கள் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருக்குக் குறைந்திருப்பது கொலாஜனுக்கான மூலப்பொருள் அல்ல. பருப்பிலும் கருவாட்டிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது. புதிதாகச் செய்யும் கொலாஜனை உறுதிப்படுத்தும் வேலைதான் நின்றுபோயிருக்கிறது.

கொலாஜன் என்பது தோலையும் ஈறையும் ரத்தக்குழாய்களையும் பிடித்து நிறுத்தும் புரதம், மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு மாதிரி. ஒவ்வொரு இழையிலும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள். அவற்றில் புரோலின் என்ற அமிலம் நிறைய வரும். புரோலின் இழையில் கோர்க்கப்பட்ட பிறகு, செல்லுக்குள்ளேயே ஒரு நொதி வந்து குறிப்பிட்ட இடங்களில் உள்ள புரோலின்களில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதியை ஒட்டுகிறது. இதற்குத்தான் ஹைட்ராக்சிலேற்றம் என்று பெயர். ஓர் இழையில் ஏறக்குறைய நூறு இடத்தில் இது நடந்தால்தான் மூன்று இழைகளும் முறுக்குக் குலையாமல் நிற்கும். நடக்காவிட்டால் அந்த முறுக்கு 24 பாகை செல்சியஸ் அளவிலேயே அவிழ்ந்துவிடும். நுவரெலியாவின் வெளிக்குளிரில் அது தாங்கும், ஆனால் உடம்புக்குள் இருப்பது 37 பாகை. சரியாக ஹைட்ராக்சிலேற்றம் நடந்த கொலாஜனோ 40 பாகை வரைக்கும் ஏறக்குறைய தாங்கும்.

அந்த நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. வேலை நடக்கும்போது சில தடவை இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து பயனற்ற நிலையில் சிக்கிக்கொள்ளும். நொதியும் அப்படியே நின்றுவிடும். விட்டமின் சி அந்த எலக்ட்ரானைக் கொடுத்து இரும்பைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. அதாவது விட்டமின் சி கொலாஜனில் சேரும் பொருள் அல்ல, நொதியை மறுபடி ஓடவைக்கும் பொருள். அது இல்லாமல் உருவாகும் இழைகளில் பெரும்பகுதியைச் செல்லே வெளியே விடாமல் சிதைத்துவிடும். தப்பி வருவதும் உறுதியில்லாததுதான்.

பவுடர் ஏன் உதவாது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். பவுடரில் உள்ள கொலாஜன் குடலில் துண்டுதுண்டாக உடைகிறது. அதில் ஏற்கனவே ஹைட்ராக்சிலேற்றம் நடந்த புரோலின் இருப்பது உண்மைதான். ஆனால் புது இழை கோர்க்கும்போது அதை எடுத்துவந்து வைக்க உடம்பில் வழியே கிடையாது. சாதாரணப் புரோலினை வைத்துத்தான் இழையைக் கோர்க்க முடியும், ஒட்டும் வேலை அதற்குப் பிறகுதான். எவ்வளவு பவுடர் குடித்தாலும் அந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது.

இருபது வருடத் தழும்பு ஏன் திறந்தது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். தழும்பு ஒருமுறை ஆறியதோடு முடிந்துபோன வேலை அல்ல. அங்கே பழைய கொலாஜன் உடைந்துகொண்டும் புதியது வந்துகொண்டும் இருக்கும், அதுவும் சுற்றியுள்ள தோலைவிட வேகமாக. புதியது வராமல் உடைவது மட்டும் தொடர்ந்தால் தழும்பு மெலிந்து பிரிந்துவிடும். 1740களில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பல்களில் ஸ்கர்வி பரவியபோது, ஐம்பது வருடத்துக்கு முன் ஆறிய போர்க்காயம்கூட ஒருவருக்குத் திறந்துகொண்டதாகப் பதிவு இருக்கிறது. பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்களிலும் இந்த மாற்று வேலை வேகமானது, அதனால்தான் ஈறும் பல்லும் சீக்கிரம் பாதிக்கப்படுகின்றன. மெல்லிய ரத்தக்குழாய்களின் தாங்குசுவரும் கொலாஜன்தான். நிற்கும்போது அழுத்தம் காலில் அதிகம் என்பதால் புள்ளிகள் அங்கே முதலில் வருகின்றன.

அப்பாவின் காலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளிகள் ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி இருந்தால், அங்குள்ள மயிர் சுருள்கம்பி போலத் திருகியிருந்தால், ஸ்கர்விதான் என்ற எண்ணம் உறுதியாகும். மயிர்க்காலைப் பொருட்படுத்தாமல் எங்கும் சிதறியிருந்தால் டொக்டரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். பிளேட்லெட் குறைந்தாலும் இப்படிப் புள்ளி வரும், டெங்குவிலும் ரத்தப் புற்றிலும் அது நடக்கும். அதனால் முழு ரத்தப் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் கட்டாயம் பார்க்கவேண்டும். ஸ்கர்வியில் இந்த இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விட்டமின் சி அளவை ரத்தத்தில் பார்க்க நினைத்தால் மாத்திரை தொடங்கும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். ஓரிரு நாள் மாத்திரை போட்டாலே அந்த அளவு ஏறிவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. அவர் கடைசி ஒரு மாதம் என்ன சாப்பிட்டார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் அந்தத் தாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏழெட்டு மாதம் என்பது இதற்குத் தாராளமான காலம். நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் உடம்பில் சுமார் 1500 மில்லிகிராம் விட்டமின் சி இருப்பில் இருக்கும். ஒரு நாளைக்கு அதில் நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தால், 50 நாளைக்குக் கொஞ்சம் மேலே போகும்போது 300 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அறிகுறிகள் தொடங்குவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். சோறு, ரொட்டி, கருவாடு, பிளேன்டீ எதிலும் சொல்லும்படி விட்டமின் சி இல்லை. அவித்த பருப்பில் மிகச் சொற்பம். ஸ்கர்வியைத் தடுக்க நாளைக்குப் பத்து மில்லிகிராமே போதும், அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

வைத்தியம் எளிது. பெரியவர்களுக்கு முதல் சில நாள் தினமும் 1 கிராம் வரை விட்டமின் சி, பிறகு குறைத்து, ஒன்று முதல் மூன்று மாதம் கொடுப்பது வழக்கம். சரியான அளவை டொக்டர் முடிவு செய்யட்டும். சீனி வியாதியால் சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலோ முன்பு சிறுநீரகக் கல் இருந்திருந்தாலோ நீங்களாக அதிக அளவு கொடுக்கக்கூடாது.

சாப்பாட்டை மாற்றாவிட்டால் மாத்திரை முடிந்தபின் இது திரும்ப வரும். பழம் என்றாலே சீனி என்று அவர் பயப்படுவதைத்தான் முதலில் மாற்றவேண்டும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விட்டமின் சி, ஆனால் சீனி 9 கிராம் மட்டில்தான், நார்ச்சத்தும் 5 கிராம் இருக்கிறது. பாதிக் கொய்யா ஒரு நாள் தேவைக்குப் போதும், அதைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடட்டும். ஈறு நோகும் வரைக்கும் மெல்லியதாக வெட்டிக் கொடுங்கள். வல்லாரையைப் பச்சையாக அரிந்து எலுமிச்சை பிழிந்து சம்பலாகக் கொடுக்கலாம். கோவாவை நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் விட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். மூடி போட்டுச் சில நிமிடம் வதக்கினால் போதும்.

சோர்வும் உடம்பு வலியும் ஓரிரு நாளிலேயே குறையத் தொடங்கும். ஈறுகளில் ரத்தம் கசிவது ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும். தழும்புக்கு இன்னும் நாள் எடுக்கும், புதிய கொலாஜன் வந்து சேரவேண்டும். அந்தக் காலம் முழுக்கக் காயத்தைச் சுத்தமாகக் கட்டி வையுங்கள், சீனியையும் கட்டுக்குள் வைத்திருங்கள், இல்லாவிட்டால் அதுவே ஆறுவதைத் தடுக்கும். இரண்டு வாரம் ஒழுங்காக மாத்திரை எடுத்தும் ஈறு அப்படியே இருந்தால் காரணம் வேறு. அப்போது பல் டொக்டரிடம் காட்டுங்கள், அவர் பிரஷருக்கு எடுக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்றவை சிலருக்குத் தாமாகவே ஈறுகளை வீங்கவைக்கும்.