ஒற்றைத் தண்டுப் பட்டாணியும் பலிக்காத வேமும்: இந்த வாரக் கேள்விகள்

பூம்பாறையில் பட்டாணி போட்டிருக்கிறேன். ஒரே விதைதான், ஆனால் கீழ்ப்பாத்தியில் அடியிலேயே மூன்று நான்கு கிளை, மேல்பாத்தியில் ஒற்றைத் தண்டு. ஏன்?

மேல்பாத்தியில் மணிச்சத்து குறைச்சலோ என்று சந்தேகப்படுகிறேன், மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். நம் மலை மண் புளிப்பு மண், அதில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் போட்ட மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பசித்த வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், அது மேலே போய்ப் பக்க மொட்டுகளை உறங்க வைத்துவிடும். சாப்பாடு இல்லாத நேரத்தில் கிளை எதற்கு? தழைச்சத்து குறைந்தாலும் நெருக்கி நட்டாலும் இப்படித்தான் நிற்கும், அதையும் பாருங்கள்.

வேரில் சுரப்பதுதான் கிளையை அடக்குகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதுவும் பட்டாணியில் பார்த்ததுதான். ‘ரமோசஸ்’ என்ற பட்டாணி வகைகளில் சில இந்த ஹார்மோனைச் செய்யத் தெரியாதவை, புதராகக் கிளைக்கும். அதன் தண்டை நல்ல வேர்மேல் ஒட்டுக் கட்டினால் அடங்கிவிடுகிறது. சரி, திருப்பிக் கட்டினால், அதாவது நல்ல தண்டைக் கெட்ட வேர்மேல் வைத்தால் புதராக வேண்டுமே? ஆகவில்லை! தண்டும் தனக்கு வேண்டியதைத் தானே கொஞ்சம் செய்துகொள்கிறது. ஏதோ ஒரு பொருள் வேரிலிருந்து ஏறுகிறது என்று இப்படித் தெரிந்துவிட்டது, ஆனால் அது ஸ்ட்ரைகோலாக்டோன் வகைதான் என்று 2008இல்தான் பிடித்தார்கள்.

கேரட்டுக்கு வேம் என்ற வேர்ப்பூஞ்சை உரம் போட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை. கலப்படமா?

இருக்கலாம், ஆனால் முதலில் ஒன்று கேட்கிறேன், கூடவே சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டீர்களா? வேர் இதே ஸ்ட்ரைகோலாக்டோனை மண்ணுக்குள்ளும் கசியவிடுகிறது, அது பட்டதும் பூஞ்சை இழை சடசடவென்று கிளைபிரிந்து வேரைத் தேடும் (செடிக்குக் கிளைக்காதே என்கிற பொருள் பூஞ்சைக்குக் கிளை என்கிறது, எனக்கு இதில் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை). ஈர மண்ணில் இது சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் இது இருக்கிறதென்றால் உயிருள்ள வேர் பக்கத்தில் இருக்கிறது என்றே அர்த்தம். மணிச்சத்து வயிறு நிறையக் கிடைத்த வேர் யாரையும் கூப்பிடாது.

பூஞ்சை ஏறியதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய வேர்களை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து, நன்றாக அலசி, வினிகரில் 5% பேனா மை கலந்து அதில் கொஞ்ச நேரம் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வேருக்குள்ளே நீல இழைகளும் குட்டி மரம் போன்ற அமைப்பும் தெரியும். கையுறை போடாமல் செய்யாதீர்கள், தோலை அரிக்கும்.

முட்டைக்கோஸுக்கும் போடலாமா?

வேண்டாம், காசு வீண். கோஸ், முள்ளங்கி, பீட்ரூட் எதுவும் இந்தப் பூஞ்சையோடு சேராது. கோஸ் குடும்பத்திலும் இந்த ஹார்மோன் உண்டு, ஆனால் கிளையை அடக்குவது போன்ற சொந்த வேலைகளுக்குத்தான்.

இந்த ஹார்மோனையே வாங்கித் தெளிக்க முடியாதா?

ஆய்வகத்துக்கென்று செயற்கையாகச் செய்தது உண்டு, தோட்டத்துக்கு ஆகாது. கீழ்நாட்டில் சோளம், கரும்பு வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் சுடுமல்லி பற்றிக் கேளுங்கள், அந்த ஒட்டுண்ணிக் களையின் விதை இந்தக் கசிவு பட்டால்தான் முளைக்கும். 1966இல் பருத்தி வேரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததும் சுடுமல்லியை முளைக்க வைக்கும் பொருளாகத்தான், பெயரே அந்தக் களையின் அறிவியல் பெயரான ஸ்ட்ரைகாவிலிருந்து வந்தது.