நாலு பேர் ஒபிஸா, பெரிய கம்பனியா?

"அண்ணா, கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு ஒடிட் ஒபிஸில் ஒன்றரை வருஷம் வேலை செய்தேன். மாசியில் கனடா வருகிறேன். ஸ்காபரோவில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கு ஒபிஸில் இடம் இருக்காம், மொத்தம் நாலு பேர்தான். வீட்டில் எல்லாரும் பெரிய கம்பனிக்குப் போ என்கிறார்கள். எங்கே போனால் கூடப் படிக்கலாம்?"

தம்பி, நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். வந்த புதிதில் இரண்டு வருஷம் ஸ்காபரோவில் ஒரு சின்ன ஒபிஸ், பிறகு பெரிய கம்பனியொன்றின் கணக்குப் பிரிவு. வேலை பிடிபட்டது முதலாவதில்தான். ஆனால் ஒபிஸ் சின்னது என்பதால் அல்ல. நான் முடித்த கணக்கைத் திருப்பிப் பார்க்க அங்கே ஐயா ஒருவர் இருந்தார்.

ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. மூன்று மாத பில்களைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். கூட்டினேன், கொள்வனவு 11,300 டொலர். ஒன்ராரியோவில் எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி 13 வீதம். எல்லா பில்லிலும் அது சேர்ந்திருக்கும் என்று நினைத்து, 113ஆல் பிரித்து 13ஆல் பெருக்கி, கடைக்காரர் திரும்பப் பெறவேண்டிய வரி 1,300 என்று எழுதி முடித்தேன். யாழ்ப்பாணத்தில் பச்சைப் பேனையால் வவுச்சருக்குச் சரி போட்ட பழக்கம். மொத்தம் பொருந்தினால் மனம் ஆறிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஐயா பைலைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, அந்தக் கடையில் கூட விற்கிறது என்ன?" அரிசி, பருப்பு, மரக்கறி என்றேன். "அரிசிக்கு வரி எவ்வளவு?" அப்போதுதான் உறைத்தது. அடிப்படை உணவுப்பொருளுக்கு இங்கே வரி பூச்சியம். சிப்ஸ், சோடா, கடைக்கு வாங்கிய பைகள், துப்புரவுச் சாமான் இவற்றுக்குத்தான் 13 வீதம். பெட்டியைத் திரும்பக் கொட்டி ஒவ்வொரு பில்லாகப் பார்த்தேன். வரி போட்ட சாமான் 2,000 டொலருக்கு, அதன் வரி 260. நான் 1,040 டொலர் கூடக் கேட்டிருக்கிறேன்.

அத்தோடு விடவில்லை. "இந்தப் பிழை வேறு எங்கே போய் நிற்கும்?" என்றார். யோசித்துப் பாருங்கள். திரும்பக் கிடைக்கும் வரியைச் செலவில் சேர்ப்பதில்லை. ஆகவே கொள்வனவு 11,040 என்று பதிய வேண்டிய இடத்தில் 10,000 என்று பதிந்திருக்கிறேன், இலாபம் 1,040 கூடிவிட்டது. அதாவது கடைக்காரர் வருமான வரியும் கூடக் கட்டுவார், பிறகு வரி அலுவலகம் பில்களைக் கேட்டால் எச்.எஸ்.ரியையும் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார். போன காலாண்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே பிடிபட்டிருக்கும். அதில் கேட்டது 240 டொலர்தான். ஒரே கடையின் பில்லும் எச்.எஸ்.ரியும் சம்பளமும் வருட முடிவுக் கணக்கும் ஒரே ஆளின் மேசையில் கிடந்ததால்தான் இந்தத் தொடுப்பு எனக்குத் தெரிந்தது.

பெரிய கம்பனியில் 14 மாதம் வழங்குநர் இன்வொய்ஸ் மட்டும் பார்த்தேன். ஓடர், சாமான் வந்த துண்டு, இன்வொய்ஸ் மூன்றும் பொருந்த வேண்டும். 500 பெட்டிக்கு இன்வொய்ஸ் வந்து களஞ்சியத்தில் 480தான் இறங்கியிருந்தால் காசு நிற்கும். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அது வேறு ஆளின் வேலை. இலாபம் எப்படி வருகிறது என்று அங்கே யாரும் எனக்குக் காட்டவில்லை. ஆனால் இன்வொய்ஸ் பதிகிறவரே அதற்குக் காசும் கொடுக்கக்கூடாது என்பதை அங்கேதான் படித்தேன். பழைய ஒபிஸில் இரண்டையும் நானே செய்தேன், நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பயம்தான்.

சரி, மாமா சொன்ன இடம். இங்கே மற்றவருக்கு வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கப் பரீட்சை எதுவும் பாஸ் பண்ணத் தேவையில்லை. ஆகவே முதலாளி சிபிஏ என்ற பட்டயக் கணக்காளர்தானா என்று மாமாவிடம் கேளுங்கள். பிறகு நேரில் போகும்போது, நான் செய்யும் பைலை யார் பார்ப்பார் என்று கேளுங்கள். "நீ செய்தால் போதும், நான் நம்புவேன்" என்று பதில் வந்தால் எனக்கென்றால் அந்த இடம் வேண்டாம். அங்கே உங்கள் பிழை இரண்டு வருஷத்துக்கு உங்களோடு வளரும், அனுபவம் என்ற பெயரில். முடிந்த பைல் ஒன்றைக் காட்டச் சொல்வது கஷ்டம், அது வாடிக்கையாளரின் அந்தரங்கம். ஆனால் திருத்தக் குறிப்பு எழுதித் தருவீர்களா என்று கேட்கலாம்.

இன்னொன்று. நீங்கள் வருவது மாசியில். தனியாள் வரிப் பத்திரத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. அந்தக் காலத்தில் எந்தச் சின்ன ஒபிஸுக்கும் கை தேவை, T4 என்ற சம்பளத் துண்டைப் பார்த்து இலக்கம் தட்டுவதற்கு. காலையிலிருந்து இரவு வரை அதே பத்திரம்தான். அதற்காக மட்டும் எடுக்கிறார்களா என்பதைத் தெரிந்துகொள்ள, மே மாதம் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் கடை, சம்பளம், வருட முடிவு என்று உடனே சொன்னால் போகலாம். யோசித்து யோசித்துப் பதில் சொன்னால் வீட்டார் சொல்வதைக் கேளுங்கள்.