எக்செல் பட்டியலை பிடிஎஃப் ஆக்கினால் தலைப்பு வரிசை முதல் பக்கத்தில் மட்டும் வருகிறது. Freeze Panes செய்தும் பயனில்லை. எல்லாப் பக்கத்திலும் வர என்ன செய்ய வேண்டும்?

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அவசரத்தில் இருக்கலாம். எக்செல்லில் மேலே Page Layout என்பதைத் திறந்து Print Titles என்ற பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் சிறிய சாளரத்தில் Rows to repeat at top என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் சொடுக்கிவிட்டு, தாளின் இடது ஓரத்தில் உள்ள வரிசை எண்களில் உங்கள் தலைப்பு இருக்கும் வரிசையைச் சொடுக்கினால், பெட்டியில் `$1:$1` என்பதுபோல் ஒன்று தானாக வந்து விழும். OK கொடுத்துவிட்டு வழக்கம்போல் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள்.

உங்களிடம் இருப்பது வருகைப் பதிவோ, சம்பளப் பட்டியலோ, சரக்கு இருப்போ எனக்குத் தெரியாது. எதுவானாலும், இந்த ஒரு வரிசை இல்லாததால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியின் நூலகர். எங்களிடம் சுமார் 4,300 புத்தகங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். பட்டியலை அச்சிட்டு ஆளுக்குச் சில பக்கங்களாகப் பிரித்துக்கொண்டு, அலமாரி அலமாரியாகப் புத்தகங்களைப் பார்த்துக் குறிப்போம். அலமாரி எண், பதிவு எண், தலைப்பு, ஆசிரியர் என்ற பத்திகளுக்குப் பிறகு மூன்று குறுகிய பத்திகள் காலியாக இருக்கும்: உள்ளது, இரவலில், காணவில்லை. எதில் குறி விழுகிறதோ அதுதான் அந்தப் புத்தகத்தின் கதி.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் பட்டியல் 105 பக்கம் வந்தது. ஏழு பேர், ஆளுக்கு 15 பக்கம். தலைப்பு வரிசை முதல் பக்கத்தில் மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் முதல் ஆளின் கட்டோடு போய்விட்டது. மற்ற ஆறு பேர் கையிலும் தலைப்பில்லாத தாள்கள். பத்திகளின் வரிசையை வாயால் சொல்லியிருந்தேன். ஆனால் உதவிக்கு வந்த மாணவி ஒருத்தி மதியத்துக்கு மேல்தான் வந்தாள், அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று காலிக் கட்டங்களைப் பார்த்தவள், கடைசிக் கட்டம் பார்த்து முடித்ததற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டு, கையில் எடுத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டாள். பதினைந்து பக்கமும் அப்படியே. அவள் மீது எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. தாளில் எழுதாததை அவள் எப்படி அறிவாள்?

அந்தக் குறிகளைக் கணினியில் ஏற்றியபோது 600க்கும் மேற்பட்ட புத்தகங்கள் காணவில்லை என்று வந்தது. நான் சந்தேகப்பட்டு அலமாரிக்குப் போய்ப் பார்ப்பதற்குள் அலுவலகம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இழப்பை என் சம்பளத்தில் பிடிப்பது குறித்து வாய்மொழியாகப் பேசினார்கள். மூன்று நாள் தனியாக நின்று அந்த 15 பக்கத்தையும் மறுபடி சரிபார்த்தேன். உண்மையில் காணாமல் போனவை 11.

அடுத்த ஆண்டு, இனி எந்தத் தாளும் தலைப்பில்லாமல் போகக் கூடாது என்று முடிவு செய்து, தவறான வழியில் இறங்கினேன். பக்கம் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து, 40 புத்தகங்களுக்கு ஒருமுறை ஒரு வரிசையைச் செருகி, அதில் தலைப்பை ஒட்டினேன். மொத்தம் 107 முறை. உங்களில் பலர் இப்போது இதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, அப்படி ஒட்டிய தலைப்பு எக்செல்லின் கண்ணுக்குத் தலைப்பு அல்ல, மற்றொரு புத்தகம். அலமாரி எண்படி பட்டியலை வரிசைப்படுத்தினேன். எக்செல் ஏறுவரிசையில் எண்களை முதலிலும் எழுத்துகளைப் பிறகும் வைக்கும். ஆகவே நான் செருகிய 107 தலைப்புகளும் பட்டியலின் கடைசியில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போய் நின்றன.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில் எத்தனை வரிசை பிடிக்கும் என்பது கோப்பில் மட்டும் இருக்கும் செய்தி அல்ல. அந்தக் கணினியில் இயல்பாக அமைத்திருக்கும் அச்சுப்பொறியின் அளவுகளையும் எக்செல் பார்க்கிறது. வரிசைகளைத் திரும்பச் செருகி முடித்துக் கோப்பை அலுவலகத்துக்கு அனுப்பினேன். என் கணினியில் ஒரு பக்கத்துக்கு 41 வரிசை பிடித்தது, தலைப்பையும் சேர்த்து. அலுவலகக் கணினியில் 40தான் பிடித்தது. ஒரே ஒரு வரிசைதான் வித்தியாசம். ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். இரண்டாம் பக்கத்தில் தலைப்பு இரண்டாவது வரிசையில் நின்றது, மூன்றாம் பக்கத்தில் மூன்றாவது வரிசையில். இருபதாம் பக்கத்தில் தாளின் நட்டநடுவில் இருந்தது. அங்கே அச்சாகி வந்த கட்டைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

Print Titles கொடுத்தால் இந்த இரண்டும் நடக்காது. தலைப்பு எக்செல் தாளில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பக்கம் எங்கே உடைந்தாலும், அடுத்த பக்கத்தின் மேலே எக்செல் அதை மறுபடி அச்சிடுகிறது. வரிசைப்படுத்தலாம், வடிகட்டலாம், நடுவில் புத்தகங்களைச் சேர்க்கலாம்.

Freeze Panes ஏன் உதவவில்லை என்றால், அது திரைக்கு மட்டும் உரியது. கீழே உருட்டும்போது தலைப்பு கண்ணில் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை, அச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டியலை Ctrl+T கொடுத்து டேபிளாக மாற்றினாலும் இதே கதைதான். நீங்கள் குழம்பியதில் தவறில்லை, ஏனென்றால் கூகுள் ஷீட்ஸ் வேறு மாதிரி. அங்கே உறைய வைத்த வரிசையேதான் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். அச்சிடும் திரையில் Headers & footers பகுதியில் Repeat frozen rows என்பதில் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். லிப்ரே ஆஃபிஸ் வைத்திருப்பவர்கள் Format, Print Ranges, Edit என்று போய் Rows to Repeat பெட்டியை நிரப்ப வேண்டும்.

இப்போது என் கோப்பில் முதல் வரிசையில் கல்லூரியின் பெயர், இரண்டாவதில் பட்டியலின் பெயர், மூன்றாவது காலி. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்ததுதான் தலைப்பு: மேலே "சரிபார்ப்பு" என்று ஓர் அகலக் கட்டம், அதன் கீழே மூன்று பத்திகளின் பெயர்கள். இதற்கு `$1:$5` என்று கொடுத்தால் கல்லூரியின் பெயரும் ஒவ்வொரு தாளிலும் வந்து இடத்தை அடைக்கும். நான் கொடுத்திருப்பது இது:

```
$4:$5
```

முதல் பக்கத்தில் ஐந்து வரிசையும் வரும். அடுத்த பக்கங்களில் இந்த இரண்டு மட்டும் வரும். பதிவு எண், ஆசிரியர் போன்ற கட்டங்களை நான்கையும் ஐந்தையும் சேர்த்து இணைத்திருப்பதால் இரண்டு வரிசையையும் கொடுத்தே ஆக வேண்டும், ஒன்றை விட்டால் தலைப்பு அரைகுறையாகத்தான் வரும். பக்கத்துக்கு இரண்டு வரிசை போவதால் மொத்தம் 111 பக்கம் ஆகிறது. ஆறு தாள் கூடுதல். அதற்கும் அலுவலகத்தில் கேள்வி வந்தது, நான் பழைய விளக்கக் கடிதத்தின் நகலைக் காட்டினேன்.

நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. Ctrl+P அழுத்தி, அந்த அச்சுத் திரையின் கீழே இருக்கும் Page Setup வழியாகப் போனால், அதே சாளரம்தான் திறக்கும். ஆனால் Rows to repeat at top பெட்டி மங்கலாக, எதையும் எழுத விடாமல் இருக்கும். என் எக்செல் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் வீணடித்தேன். அச்சுத் திரையை விட்டு வெளியே வந்து Page Layout வழியாகப் போனால் பெட்டி திறந்திருக்கும். அப்படியும் மங்கலாக இருந்தால், கீழே ஒன்றுக்கு மேற்பட்ட எக்செல் தாள்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்த அமைப்பைத் தாள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் கொடுக்க முடியும்.

ஒரு தாளுக்கு, அடுத்தடுத்து இருக்கும் ஒரே ஒரு தலைப்புத் தொகுதிதான் கொடுக்க முடியும். புத்தகங்களுக்குக் கீழே அதே தாளில் பருவ இதழ்களின் பட்டியலையும் வைத்தால், இதழ்களின் பக்கங்களிலும் புத்தகத் தலைப்புதான் வரும். இதழ்களுக்குத் தனித் தாள் போடுங்கள்.

நூலக மென்பொருள் இருக்கும்போது எக்செல் எதற்கு என்று யாராவது கேட்பீர்கள். கோஹா இலவசமாகவே கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதை நிறுவிப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டுமே. எங்கள் நூலக உதவியாளர் ஓய்வு பெற்றுப் போன இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. என் மேசையில் கணினி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்வறை இருக்கைப் பட்டியல், பேருந்துக் கட்டணப் பட்டியல், விழா அழைப்பிதழ் எல்லாம் என்னிடம் வருகின்றன. அந்த நாட்களில் மதியம் நூலகத்தைப் பூட்டிவிடச் சொல்கிறார்கள். வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பும் பிள்ளைகளின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. காணாமல் போன புத்தகங்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்கிறார்கள்.

இதை விடுங்கள். பிடிஎஃப் எடுத்ததும் இரண்டாம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். மொத்தப் பட்டியலும் பொடி எழுத்தில் ஒரே பக்கமாக வந்திருந்தால், Page Layout பகுதியில் Height என்பது 1 page என்று இருக்கும். அதை Automatic ஆக்கி, Width மட்டும் 1 page என்று வையுங்கள். மற்றவர்களுக்கு எக்செல் கோப்பை அனுப்பாமல் பிடிஎஃப் கோப்பையே அனுப்பினால் அவர்கள் கணினியில் பக்கங்கள் இடம் மாறாது. எல்லாம் செய்தும் தலைப்பு வரவில்லையென்றால், Formulas பகுதியில் Name Manager திறந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த அமைப்பு அங்கே `Print_Titles` என்ற பெயரில், தாளின் பெயரோடு இருக்க வேண்டும். அங்கே வேறு தாளின் பெயர் இருந்தால் அமைப்பு அந்தத் தாளுக்குப் போயிருக்கிறது. எதிரே `#REF!` என்று இருந்தால் யாரோ தலைப்பு வரிசையையே நீக்கிவிட்டு மறுபடி தட்டச்சு செய்திருக்கிறார்கள், புதிதாகக் கொடுத்துவிடுங்கள்.