ஆண்டு மலர் படங்கள்: அச்சுக்கு முன் சரிபார்ப்பு

பள்ளி ஆண்டு மலருக்கு வந்த படங்களில் சில பளிச், சில மங்கல். அச்சில் கூர்மையாக வர எதையெல்லாம் சரிபார்க்கணும்?

முதலில் பிக்சல் கணக்கு. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அதனால் படத்தின் அகலப் பிக்சலை 300-ஆல் வகுத்தால், எத்தனை அங்குலம் வரை கூர்மையாக வரும் என்று தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் படம் சுமார் 5 அங்குலம் தாங்கும். அதிலிருந்து ஒரு முகத்தை மட்டும் 450 பிக்சலுக்கு வெட்டினால் ஒன்றரை அங்குலம்தான். அதனால் வெட்டிய பிறகு கணக்குப் போடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மென்பொருளில் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்றிருப்பதை 300 என்று மாற்றுவதால் விவரம் எதுவும் கூடிவிடாது.

போதாத படத்துக்கு, எடுத்தவரிடமே அசலை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையா, சின்னதாகப் போடுங்கள்.

அப்புறம், அச்சு அளவுக்குக் கொண்டுவந்த பின்பே ஷார்ப்பன் செய்யுங்கள். தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது. கை ஆடி மங்கிய படத்தை அது மீட்காது.