தரம் 3 வந்தால் ஒன்றுக்கொன்றா, மேற்கோர்த்தலா?

"ஒரு 3×4 அணியைக் கொடுத்து, அதன் நேரியல் உருமாற்றம் ஒன்றுக்கொன்றா, மேற்கோர்த்தலா என்று கேட்டிருந்தார்கள். தரம் 3 வந்தது. முழுத்தரம்தானே, அதனால் இரண்டும்தான் என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எங்கே தப்பு?"

தரத்தை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் தப்பு. ஒன்றுக்கொன்றா என்று பார்க்க, தரத்தை நிரல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். மேற்கோர்த்தலா என்று பார்க்க, நிரைகளின் எண்ணிக்கையோடு. உங்கள் அணியில் நிரை 3, நிரல் 4. தரம் 3 என்பதால் மேற்கோர்த்தல் உண்டு, ஒன்றுக்கொன்று இல்லை. சதுர அணியில் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றே என்பதால் இரண்டு விடையும் சேர்ந்தே வரும். அந்தப் பழக்கம் மற்ற அணிகளுக்கும் தொற்றிக்கொள்கிறது.

காரணத்தை ஓர் அணியை வைத்தே பார்ப்போம்.

```
1  2  0  1
2  4  1  3
3  6  1  k
```

Ax என்பது இந்த நான்கு நிரல்களையும் x1, x2, x3, x4 ஆல் பெருக்கிக் கூட்டுவதுதான். ஆகவே வீச்சகம் என்பது நிரல்களைக் கொண்டு எட்டக்கூடிய வெக்டர்கள் எல்லாம். அதன் பரிமாணமே தரம். துணைச் சார்பகம் R³. அதை முழுக்க நிரப்பத் தரம் 3 வேண்டும்.

ஒன்றுக்கொன்று என்பது வேறு கேள்வி. Ax = Ay என்றால் A(x − y) = 0. எனவே பூச்சியத்துக்குப் போகும் வெக்டர் பூச்சியம் மட்டும்தானா என்று பார்த்தால் போதும். அப்படிப் போகும் வெக்டர்களின் பரிமாணம், நிரல்களின் எண்ணிக்கையிலிருந்து தரத்தைக் கழித்தால் வருவது. இங்கே தரம் 3-க்கு மேல் போகவே முடியாது; ஆக 4 − 3 = 1, குறைந்தது ஒரு திசையாவது நசுங்கியே தீரும். கணக்குப் போடாமலேயே "ஒன்றுக்கொன்று இல்லை" என்று எழுதிவிடலாம். அந்தத் திசை கண்ணுக்கே தெரிகிறது: இரண்டாம் நிரல் முதல் நிரலின் இரு மடங்கு, அதனால் (−2, 1, 0, 0) பூச்சியத்துக்குப் போகிறது.

சரி, மேற்கோர்த்தலா? இதற்கு ஏறுபடி வடிவம் தேவை. R2 − 2R1, R3 − 3R1, அப்புறம் புதிய R3-இலிருந்து புதிய R2-ஐக் கழித்தால்:

```
1  2  0  1
0  0  1  1
0  0  0  k-4
```

k என்பது 4 இல்லையென்றால் தரம் 3, மேற்கோர்த்தல். k = 4 என்றால் தரம் 2, இரண்டும் இல்லை.

k = 4 என்ற நிலையில் பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கடைசி நிரை பூச்சியமாகிவிட்டதைப் பார்த்து, "வீச்சகத்தில் மூன்றாம் உறுப்பு எப்போதும் 0" என்று எழுதிவிடுகிறார்கள். நிரைச் செயல்கள் தரத்தை மாற்றுவதில்லை. ஆனால் வீச்சகத்தை மாற்றக்கூடும். வலப்பக்கத்தில் (b1, b2, b3) வைத்து அதே செயல்களைச் செய்து பாருங்கள்: கடைசியில் b3 − b1 − b2 = 0 என்று வரும். மூன்றாம் நிரை முதல் இரண்டின் கூட்டல் என்பதன் விளைவு இது. ஆக (1, 1, 2) எட்டும், (1, 1, 1) எட்டாது. "மேற்கோர்த்தல் இல்லை" என்பதோடு நிறுத்தாமல் எட்டாத ஒரு வெக்டரையும் எழுதிக் காட்டினால், விடையை நீங்களே சரிபார்த்தது போலவும் ஆயிற்று.

இன்னொன்று: அணியை எழுதும் முன் துணைச் சார்பகம் எது என்று கேள்வியில் பாருங்கள். படி 3-க்கு மிகாத பல்லுறுப்புக் கோவைகளை வகையிடும் உருமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். அடுக்களம் 1, x, x², x³. விடைகளைப் படி 2 வரையுள்ள வெளியில் வைத்தால் அணி இது:

```
0  1  0  0
0  0  2  0
0  0  0  3
```

நிரை 3, தரம் 3: மேற்கோர்த்தல். அதே வகையிடலைப் படி 3 வரையுள்ள வெளிக்குள் என்று கொடுத்தால், அடியில் ஒரு பூச்சிய நிரை சேர்ந்து 4×4 ஆகிவிடும். தரம் அதே 3, ஆனால் இப்போது மேற்கோர்த்தல் இல்லை: வகையிட்டு x³ வர x⁴ வேண்டும், அது சார்பகத்தில் கிடையாது. ஒன்றுக்கொன்று மட்டும் இரண்டிலும் இல்லை, ஏனென்றால் நிரல்கள் இரண்டிலும் 4. முதல் நிரல் முழுக்கப் பூச்சியம். மாறிலியை வகையிட்டால் 0 என்பதுதான் அது.