தமிழ் வார்த்தையை எண்ணிப் பணம் வாங்கலாமா?

கேள்வி: சிப்காட்டில் உள்ள ஒரு ஆலையின் பாதுகாப்புக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கக் கேட்கிறார்கள். 24 பக்கம். "முடித்த பிறகு தமிழில் எத்தனை வார்த்தையோ அதற்குப் பணம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? எவ்வளவு கேட்பது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். மூல ஆங்கில வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

'பம்பை நிறுத்தும் முன் வால்வை மூட வேண்டும்' என்பது தமிழில் ஆறு வார்த்தை. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் சாதாரணமாக ஒன்பது, பத்து வரும். அங்கே தனித்தனியாக நிற்பவை நம்மிடம் உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிக்கொள்கின்றன. 'மூடவேண்டும்' என்று சேர்த்து எழுதினால் ஆறும் ஐந்தாகிவிடும். இடைவெளி விடும் பழக்கத்தைப் பொறுத்துக் கூலி மாறுவது இரு தரப்புக்குமே நியாயமில்லை. மேலும், மூலத்தை எண்ணினால் வேலை தொடங்கும் முன்பே தொகை தெரிந்துவிடும்.

எண்ணும்போது கவனம் தேவை. வேர்டில் Review > Word Count திறந்து, "Include textboxes, footnotes and endnotes" என்பதில் டிக் போடுங்கள். அப்போதும் பக்கத் தலைப்பு, அடிப்பகுதி வரிகளும் படத்துக்குள் இருக்கும் எழுத்தும் கணக்கில் வராது. பாதுகாப்புக் கையேடுகளில் எச்சரிக்கைப் பலகைகள் பெரும்பாலும் படமாகத்தான் இருக்கும்.

உங்கள் கோப்பில் வேர்டு 5,400 காட்டுகிறது, மூன்று பக்கம் ஸ்கேன் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் பக்கம் ஒன்றைக் கையால் எண்ணுங்கள். 200 வந்தால் மூன்றுக்கு 600. ஆக மொத்தம் 6,000. உங்கள் விலை வார்த்தைக்கு ரூ.1.50 என்றால் ரூ.9,000. தமிழில் அது 4,200 ஆகச் சுருங்கினால், அவர்கள் சொல்லும் முறையில் அதே விலைக்கு ரூ.6,300தான் கிடைக்கும். தமிழ் வார்த்தைக்குத்தான் தருவோம் என்று பிடிவாதம் பிடித்தால், 9,000-ஐ 4,200-ஆல் வகுத்து ரூ.2.15 கேளுங்கள். சுருக்கம் நடைக்கு நடை மாறும். அதனால் 300 வார்த்தை மாதிரியை மொழிபெயர்த்துப் பார்த்து அந்த விகிதத்தைப் பிடியுங்கள்.

வார்த்தை குறைந்தாலும் பக்கம் குறையாது, கூடத்தான் செய்யும். தமிழ்ச் சொற்கள் நீளம். மேலே புள்ளியும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கிடையே இடமும் அதிகம் வேண்டும். அட்டவணையின் ஒடுங்கிய கட்டங்களில்தான் இது முதலில் தெரியும்: சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். 24 பக்கம் 28, 30 ஆகலாம். வடிவமைப்பும் உங்கள் தலையில் என்றால் அதைத் தனி வரியாக, முடிந்த பக்கத்துக்கு இவ்வளவு என்று போடுங்கள்.

நாள் கணக்கையும் இந்த 6,000-லிருந்தே எடுங்கள். நாளைக்கு 2,000 என்றால் மூன்று நாள், சரிபார்க்க இன்னொரு நாள். அப்புறம், ஸ்கேன் பக்கங்களின் 600 உத்தேசம்தான், பிறகு சேர்க்கும் பகுதிக்கும் இதே விலை என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுங்கள்.