பதினொன்றாம் வகுப்பு வேளாண்மைப் பாடத்துக்கு, ஒரு விவசாயியும் மாணவனும் பயிர்ச் சுழற்சியையும் மண் சத்தையும் கண்டுபிடிக்கிற மாதிரி சின்னக் கதை வேண்டும். யாராவது சொல்ல முடியுமா?

நாளைக்குக் காலையில் நோட்டை வைக்கவேண்டிய அவசரம் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. ஆனால் ஒன்று, படித்த பையன் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லுவான், தாத்தா கண்கலங்கித் தோளில் தட்டுவார், அடுத்த போகத்திலேயே விளைச்சல் இரட்டிப்பாகும், அந்தக் கதையை மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பையனாக நான் இருந்திருக்கிறேன். என் கதையில் பையனும் தப்பு, விவசாயியும் தப்பு. பெயரை மாற்றிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டிக்குக் கீழே பாலாடா பக்கம் என் பெரியப்பாவுக்கு 60 சென்ட் குத்தகை நிலம். அதில் உருளைக்கிழங்கு, அது முடிந்தால் திரும்பவும் உருளைக்கிழங்கு. ஒரு காலத்தில் 45 கிலோ மூட்டையில் 80 மூட்டை எடுத்த இடம், நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் 35 மூட்டையோடு நின்றுவிட்டது. தோட்டத்தில் அங்கங்கே வட்டம் வட்டமாகச் செடி மஞ்சளாகி, நல்ல ஈரம் இருக்கும்போதே மத்தியான வெயிலுக்குத் தொங்கிப்போகும். உரக்கடையில் கேட்டால் 'யூரியா பத்தல' என்றார்கள், இன்னொரு மூட்டை போட்டார். நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு மண், யூரியா போடப்போட அது இன்னும் புளிக்கும், மீதியை மழை அடித்துக்கொண்டு போகும். அது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

நட்டு இரண்டு மாதம் ஆன ஒரு மஞ்சள் செடியை நான் பிடுங்கிப் பார்த்தேன். பிடுங்கினேன் என்றால் வெடுக்கென்று இழுக்கவில்லை, மண்வெட்டியால் சுற்றிலும் நெம்பி மண்ணோடு எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். வேரெல்லாம் கடுகைவிடச் சின்னதாக, குண்டூசித் தலை அளவில், வெள்ளையும் தங்க நிறமுமாக மணிகள். எனக்கு ஒரே பெருமை. பாடத்தில் வேர் முடிச்சு படித்த வாரம் அது. "பெரியப்பா, இதுதான் காத்துல இருக்குற நைட்ரஜனப் பிடிச்சுக் குடுக்குற முடிச்சு, ரொம்ப நல்லது" என்றேன். அவரும் நம்பினார். அவரை நம்பவைத்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்த முடிச்சு பட்டாணி, பீன்ஸ் மாதிரி பயறு வகைச் செடிகளில்தான் வரும், உருளைக்கிழங்கில் வரவே வராது என்பது அதே பாடத்தில் அடுத்த பத்தியில் இருந்தது.

வரப்போரத்தில் பெரியம்மா வீட்டுக்கென்று கொஞ்சம் பட்டாணி போட்டிருந்தார். ஒரு வாரம் கழித்து பெரியப்பா அதில் ஒரு செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வேரெல்லாம் கட்டி கட்டியா இருக்குடா, சீக்கு பிடிச்சிருச்சு, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுரலாமா?" அதாவது கெட்டதை நான் நல்லது என்றேன், நல்லதை அவர் கெட்டது என்றார்.

இரண்டு வேரையும் பையில் போட்டுக்கொண்டு முத்தோரையில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உருளைக்கிழங்கு வேரில் இருந்தது முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் அதை முதன்முதலில் கண்டுபிடித்ததே 1961-ல் நீலகிரியில்தானாம். அந்த மணி ஒவ்வொன்றும் செத்துப்போன ஒரு பெண் புழு அல்லது சாகப்போகிற ஒன்று, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் வந்தால் அதில் கசிகிற சாறுதான் அதற்கு அழைப்பு, உடனே பொரிக்கும். வராவிட்டால் வருஷக்கணக்கில் மண்ணிலேயே தூங்கும். புழு வேரில் உட்கார்ந்துகொண்டால் மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் செடிக்குச் சரியாக ஏறாது. எங்கள் யூரியா போன வழி அதுதான்.

பட்டாணி வேரை எடுத்து ஒரு கட்டியை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு, கிட்டத்தட்ட ரத்தம் கலந்த மாதிரி. அப்படி இருந்தால் உள்ளே இருக்கிற பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துபோய்விட்டது. இந்தக் கட்டி வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் தனியாக வந்துவிடும். வேர்முடிச்சு நூற்புழு என்று இன்னொன்று இருக்கிறது, அதில் வேரே வீங்கிப்போயிருக்கும், தனியாகப் பிரிக்க முடியாது. உங்கள் கதையில் படம் வரைய இடம் இருந்தால் இந்த வித்தியாசத்தை வரையுங்கள்.

வீட்டுக்கு வந்து பட்டாணியை வரிசையாகத் தோண்டிப் பார்த்தேன். பெரியம்மா அடுப்புச் சாம்பல் கொட்டுகிற மூலையில் மட்டும் கட்டி நிறைய, உள்ளே நல்ல சிவப்பு. மற்ற இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டி. சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்திருக்கிறது, புளிப்பு மண்ணில் அந்த பாக்டீரியா தேறாது. அடுத்த போகத்துக்கு முன்னால் பெரியப்பா டாலமைட் சுண்ணாம்பு போட்டது என்னைக் கேட்டு இல்லை, அந்த மூலையைப் பார்த்துத்தான்.

அப்புறம் மூன்று வருஷம் அந்த 60 சென்டில் உருளைக்கிழங்கே இல்லை. முதலில் பட்டாணி. காயைப் பறித்ததும் கொடியை மாட்டுக்குப் போடாமல் மண்ணிலேயே மடக்கி உழுதோம், ஏனென்றால் செடி பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு காயோடு சந்தைக்குப் போய்விடும், மிஞ்சுவது கொடியிலும் வேரிலும்தான். அதற்குப் பின்னால் நைட்ரஜனை நிறையத் தின்கிற முட்டைக்கோஸ். அதற்குப் பின்னால் கேரட், அதற்கு நைட்ரஜன் அதிகமானால் தழைதான் வரும். பிறகு பூண்டு, மறுபடி பட்டாணி. கோஸுக்கு வேர்வீக்கம் வருமே என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், வரும், அதுவும் புளிப்பு மண்ணில்தான் அதிகம் வரும், அதனால் கோஸையும் அந்த நிலத்தில் திரும்பத் திரும்பப் போடவில்லை. பட்டாணி மணிச்சத்தைக் கொண்டுவராது என்பதும் தெரியும், அதற்குத் தொழு உரமும் பாஸ்பேட்டும் போட்டோம். சுழற்சி என்றால் உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இதில் லாபம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒரு மே மாதம் கேரட் ஏற்றிய வண்டி சுற்றுலாக் கார்களுக்கு நடுவில் ஐந்து மணி நேரம் மலைப்பாதையில் நின்றது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்து பாதி விலை. சாக்லேட் வாங்க வருகிறவர்களுக்கு வழிவிட்டுத்தான் நாங்கள் கேரட் விற்கவேண்டியிருக்கிறது. சரி, அது வேறு கதை.

நான்காம் வருஷம் உருளைக்கிழங்கு. அறுபதாம் நாள் பத்து இடத்தில் தோண்டி வேரை அலசிப் பார்த்தேன். எட்டு இடத்தில் மணி அங்கொன்றும் இங்கொன்றும், இரண்டு இடத்தில் பழையபடி கொத்துக்கொத்து. அந்த இரண்டும் கிணற்றோரம். யோசித்துப் பார்த்தால், அறுவடையில் தப்பின கிழங்கு பட்டாணிக்கும் கோஸுக்கும் நடுவில் அங்கேதான் தானாக முளைத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா மற்ற இடத்தில் முளைத்ததை எல்லாம் பிடுங்கிவிட்டார், அதை மட்டும் பெரியம்மா பிடுங்கவிடவில்லை. புழுவுக்கு மூன்று வருஷமும் அங்கே சாப்பாடு நடந்திருக்கிறது.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "போடா, அந்த நாலு செடியில நான் எத்தனை நாள் குழம்பு வெச்சேன்னு உனக்குத் தெரியுமா?"